தேடுபவரின் சொல்லும் செய்பவரின் தலைப்பும்

அப்வொர்க் தளத்தில் ஒரு ஃப்ரீலான்சரின் தலைப்புக்குக் கிடைப்பது இடைவெளிகளையும் சேர்த்து 70 எழுத்துகள். அதன் கீழே வரும் அறிமுகத்துக்கு 5,000 எழுத்துகள் வரை இடம் உண்டு என்றாலும், ஆள் தேடும் கிளையன்ட் கண்ணில் படுவது அதன் முதல் சில வரிகள் மட்டுமே. இந்தச் சின்ன இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டால், அனுபவசாலிகள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: கிளையன்ட் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுகிறாரோ அந்தச் சொல்லை எழுது. நல்ல அறிவுரைதான். ஆனால் எந்தக் கிளையன்ட், எந்தச் சொல் என்ற கேள்வியைக் கேட்காமலே பலர் இதைப் பின்பற்றுகிறார்கள். அதனால் வரும் சேதம் சின்னதல்ல.

கணக்கு எழுதும் தொழிலை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டிலோ திருச்சியிலோ ஆடிட்டர் அலுவலகத்தில் எட்டு வருஷம் டேலியில் உழைத்த பி.காம் பட்டதாரி ஒருவர், வெளிநாட்டு வேலைக்காகப் புரொஃபைல் திறக்கிறார். குவிக்புக்ஸ் ஆன்லைனையும் முறையாகக் கற்றுக்கொண்டுவிட்டார். தெரிந்தவர் ஒருவரின் ஆன்லைன் கடைக்கு அதில் கணக்கும் எழுதித் தருகிறார். அவருடைய முதல் தலைப்பு அநேகமாக இப்படி இருக்கும்:

```
Accountant | Tally | GST | MS Excel | Data Entry | Virtual Assistant
```

ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அவர் குறிவைக்கும் அமெரிக்கக் கடைக்காரருக்கு டேலி என்றால் என்னவென்று தெரியாது; இந்திய ஜி.எஸ்.டி.யால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. அவர் கணக்கு இருப்பது குவிக்புக்ஸிலோ ஜீரோவிலோ. தன் கையில் இருப்பதையெல்லாம் வரிசையாக அடுக்கிய தலைப்பு இது. எதிரே இருப்பவரின் தலைவலி இதில் எங்கும் இல்லை.

அந்தத் தலைவலி என்ன மொழியில் பேசுகிறது என்பதை அறிய ஊகம் தேவையில்லை. வேலை அறிவிப்புகள் எல்லாம் கிளையன்ட்டுகள் தம் கைப்பட எழுதியவை. வேலை தேடும் பக்கத்தில் QuickBooks என்று தட்டி, வரும் அறிவிப்புகளில் முப்பது நாற்பதைப் பொறுமையாகப் படித்தால் போதும். தலைப்பில் வரும் சொல், விவரத்தின் முதல் வாக்கியம், அவர்களே தேர்ந்தெடுத்த திறன் குறிச்சொற்கள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே போனால், Accountant என்பதைவிட Bookkeeper என்பதும், அதனுடன் cleanup, catch-up, reconciliation போன்றவையும் திரும்பத் திரும்ப வருவது தெரியும். Cleanup என்றால் குழம்பிக் கிடக்கும் கணக்கைச் சீர்செய்வது. Catch-up என்றால் மாதக்கணக்கில் எழுதாமல் விட்டதை எழுதி முடிப்பது. அமெரிக்காவில் தனிநபர் வருமான வரிக் கணக்குக்கு ஏப்ரல் 15 கெடு. அது நெருங்கும்போது, வரி பார்ப்பவர் "முதலில் புத்தகத்தைச் சரிசெய்து கொண்டுவா" என்று திருப்பி அனுப்பிய கடைக்காரர்கள் இந்தச் சொற்களோடுதான் ஆள் தேட வருகிறார்கள்.

இந்த நடைமுறையின் உண்மையான பலம் இந்தப் படிப்பில்தான் இருக்கிறது. தேடல் பட்டியலில் மேலே ஏறுவது அதனால் வரும் பலன்களில் ஒன்று, அவ்வளவுதான். முப்பது அறிவிப்பு படித்தவருக்கு ஒரு தொழிலின் நோவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். நம் கணக்காளர் படிக்கும்போது, ஷாப்பிஃபையில் கடை வைத்திருப்பவர்கள் ஒரே குறையை வேறு வேறு விதமாகச் சொல்வதைக் கவனிக்கிறார்: வங்கியில் விழும் தொகையும் விற்பனைத் தொகையும் ஒத்துவரவில்லை. காரணம் எளியது. ஒரு கடையில் 1,000 டாலருக்கு விற்பனை. அதில் 50 டாலர் வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரப்பட்டது, 32 டாலர் பணப் பரிமாற்றக் கட்டணமாகப் பிடிக்கப்பட்டது. வங்கிக்கு வருவது 918. கடைக்காரர் அந்த 918-ஐயே விற்பனை என்று குவிக்புக்ஸில் ஏற்றிவிடுகிறார். விற்பனை 82 டாலர் குறைவாகக் காட்டும். திருப்பித் தந்ததும் கட்டணமும் கணக்கிலேயே இருக்காது. மொத்த விற்பனை என்ன, அதில் எவ்வளவு திரும்புகிறது என்ற இரண்டு கேள்விக்கும் அவரிடம் பதில் இல்லாமல் போகிறது. வருஷம் முழுக்க இப்படியே நடந்தால் புத்தகத்தை யாரும் நம்ப முடியாது.

இதைப் புரிந்துகொண்டவர் எழுதும் தலைப்பு வேறு மாதிரி வரும்:

```
QuickBooks Online Bookkeeper | Cleanup & Catch-Up for Shopify Stores
```

இதுவும் 68 எழுத்துகள்தான், பழையதும் 68. அறிமுகத்தின் முதல் வரிகள்:

```
Shopify payouts don't match the sales in your QuickBooks?
I split each payout into sales, refunds, fees and tax,
then reconcile it to the bank.
```

பழைய அறிமுகம், நான் கடுமையாக உழைப்பவன், நேர்மையானவன், எட்டு ஆண்டு அனுபவம் என்று தொடங்கியிருக்கும். அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். Payout என்ற சொல்லோடு அதைப் பிரித்து எழுதும் முறையையும் சேர்த்துச் சொல்வது, அந்த வேலையைச் செய்தவரால்தான் முடியும். தேடலுக்கான சொற்கள் இந்த மூன்று வரியிலும் இருக்கின்றன. ஆனால் தேடலுக்காகத் திணித்தவையாகத் தெரியவில்லை. சொல்லும் சான்றும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து நிற்பதுதான் நல்ல அறிமுகத்துக்கு அடையாளம் என்று நான் கருதுகிறேன்.

இனி குறைகள். முதலாவது, எந்தச் சொல்லைப் பிடிக்கிறோமோ அந்தச் சொல்லுக்கான கூலிதான் கிடைக்கும். Data Entry என்பதைத் தேடுபவர்கள் நிறைய. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் அதைத் தலைப்பில் வைத்துக்கொள்வார். ஆனால் அந்தச் சொல்லோடு வருபவர், யார் செய்தாலும் ஒன்றுதான் என்று நினைக்கும் வேலைக்கு ஆள் தேடுகிறார். மணிக்கு எவ்வளவு குறைவாகக் கிடைக்கும் என்பதே அவர் கணக்கு. அவரிடம் பிறகு cleanup வேலையின் மதிப்பைப் புரியவைப்பது கடினம். இதில் வேதனை என்னவென்றால், குழம்பிய கணக்கை வைத்துக்கொண்டு அதை வெறும் data entry என்று நினைத்துத் தேடுபவர்களும் உண்டு. அவர்களுக்கும் நம் கணக்காளர் தேவைதான். ஆனாலும் அந்தச் சொல்லை விட்டுவிடச் சொல்வேன். சிலரை இழப்போம்; ஆனால் பல மாதங்கள் குறைந்த கூலியில் சிக்கிக்கொள்வதைவிட அது மேல். கிளையன்ட் தேடும் சொல்லை எழுது என்ற அறிவுரை, தேடுபவர்கள் எல்லோரையும் ஒரே தரமாகப் பார்ப்பதால் இங்கே வழி காட்டாது.

இரண்டாவது, தேடப்படும் சொல் எல்லாம் எழுதத்தக்க சொல் அல்ல. CPA என்பதை அமெரிக்கக் கிளையன்ட்டுகள் ஏராளமாகத் தேடுகிறார்கள். அது அந்நாட்டு மாநிலங்கள் தேர்வும் தகுதியும் பார்த்துத் தரும் உரிமம். இந்தியாவில் சி.ஏ. முடித்தவரும் அந்த உரிமம் பெறாமல் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆகவே "CPA தரத்தில் வேலை" என்று சுற்றி வளைத்து எழுதி, சொல் மட்டும் தேடலில் சிக்கட்டும் என்று சிலர் வழி தேடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தச் சொல்லோடு வருபவருக்கு வரிக் கணக்கில் பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் ஆள் தேவை. பேச்சு இரண்டாவது செய்தியிலேயே முறியும், அல்லது இன்னும் மோசமாக, வேலை தொடங்கிய பிறகு முறிந்து, அதற்கான மதிப்பீடு புரொஃபைலில் நிற்கும். மாறாக, குவிக்புக்ஸின் ProAdvisor சான்றிதழை இன்ட்யூட் நிறுவனம் கட்டணமில்லாமல் தருகிறது; படித்துத் தேர்வு எழுதி வாங்கிவிட்டால் அந்தச் சொல்லை உரிமையோடு எழுதலாம். அதைத் தேடுபவர் தொகையில் குறைவுதான், ஆனால் என்ன வேண்டும் என்று தெரிந்து தேடுபவர்.

மூன்றாவது குறைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தலைப்பு ஒரே இடத்தில் படிக்கப்படுவதாக இந்த நடைமுறை எண்ணிக்கொள்கிறது. உண்மையில் இரண்டு இடங்களில் படிக்கப்படுகிறது. கிளையன்ட் தானே ஆள் தேடும்போது தேடல் பட்டியலில் ஒன்று. அவர் அறிவிப்புக்கு நாம் புரொபோசல் அனுப்பும்போது, வந்த புரொபோசல்களின் பட்டியலில் நம் பெயரருகே இன்னொன்று. மதிப்பீடும் பழைய வேலையும் இல்லாத புதியவரைத் தேடல் பட்டியல் மேலே தூக்கிவிடுவது அரிது. அவருக்கு முதல் சில வேலைகள் பெரும்பாலும் கனெக்ட்ஸ் செலவழித்து அனுப்பும் புரொபோசல் வழியேதான் வரும். அங்கே தேடல் என்பதே முடிந்துபோன கதை. என்ன வேண்டும் என்று கிளையன்ட் ஏற்கெனவே சொல்லிவிட்டார். இருபது முப்பது பேரில் யார் இதையே செய்பவர் என்று பார்க்கிறார். ஆறு சொற்களைக் கோடு போட்டுப் பிரித்த தலைப்பு அங்கே, எதற்கும் விண்ணப்பிப்பவர் என்று காட்டிக்கொடுத்துவிடும். குறுகிய தலைப்பு இரண்டு இடத்திலும் நிற்கும். அகலமான தலைப்பு தேடலில் வேண்டுமானால் சற்று உதவும், புரொபோசலில் நிச்சயம் கெடுக்கும்.

டேலியையும் ஜி.எஸ்.டி.யையும் என்ன செய்வது? அப்வொர்க்கில் பொதுப் புரொஃபைலோடு கூடுதலாக இரண்டு தனிப் புரொஃபைல்கள் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு, தனி அறிமுகம். இந்தியக் கிளையன்ட்டுகளுக்கான ஒன்றை அங்கே தனியாக எழுதலாம். புரொபோசல் அனுப்பும்போது எந்தப் புரொஃபைல் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்க மறக்கக் கூடாது.

ஒரே சொற்றொடரை எல்லோரும் எழுதத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். QuickBooks Online Bookkeeper என்ற தலைப்போடு பட்டியலில் அடுத்தடுத்துப் பலர் நிற்கும்போது, அந்தச் சொல்லால் யாருக்கும் தனி மதிப்பு இல்லை. மதிப்பீடும் கட்டணமும்தான் முடிவுசெய்யும், அதில் பழையவர்களுக்கே ஆதாயம். ஷாப்பிஃபை என்று குறுக்கியது அதற்காகத்தான். அதுவும் ஒருநாள் நெரிசலாகும். அப்போது மறுபடி அறிவிப்புகளைப் படித்து அடுத்த நோவைத் தேட வேண்டியிருக்கும்.

சொல் சரியா என்பதைப் புரொஃபைல் பார்வைகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வரும் அழைப்புகளைப் படிக்க வேண்டும். பார்வைகள் கூடியும் அழைப்பு இல்லையென்றால் தலைப்பு தன் வேலையைச் செய்துவிட்டது; முதல் வரிகளிலோ கட்டணத்திலோ சான்றிலோ கோளாறு. அழைப்புகள் வருகின்றன, ஆனால் எல்லாம் வரி தாக்கல் செய்யச் சொல்கின்றன என்றால், அறிமுகத்தில் எங்கோ tax என்ற சொல் தன் இடத்துக்கு மீறிப் பேசுகிறது. மேலே நான் கொடுத்த மூன்று வரியிலேயே அந்த ஆபத்து இருக்கிறது: அங்கே tax என்பது கடை வசூலிக்கும் விற்பனை வரி. ஆகவே அதை sales tax என்று திருத்திவிட்டு, தலைப்பைத் தொடாமல் இரண்டு மூன்று வாரம் பொறுத்து, அழைப்புகளின் தன்மை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.