இரண்டு சொல்லுக்கு மேல் காது கேட்காது

1970களின் நடுவில் வில் க்ரௌதர் எழுதி, 1977இல் டான் உட்ஸ் விரித்தெடுத்த 'அட்வென்ச்சர்' விளையாட்டில் படமே கிடையாது. குகையைத் திரையில் எழுத்தால் விவரிக்கும். ஆடுபவர் TAKE LAMP என்று தட்டினால் விளக்கு கைக்கு வந்துவிடும். கணினிக்கு ஆங்கிலம் தெரியும் என்று பலர் மயங்கியது இந்த இடத்தில்தான். உள்ளே இருந்ததோ ஒரு சொற்பட்டியல்:

```
1002 LAMP
1002 LANTE
2001 TAKE
2001 CARRY
```

ஆயிரத்தில் தொடங்கும் எண் பொருளைக் குறிக்கும், இரண்டாயிரத்தில் தொடங்குவது வினையை. ஒரே பொருள் தரும் சொற்களுக்கு ஒரே எண். எந்தச் சொல் முதலில் வந்தது என்பதுகூட முக்கியமில்லை. LAMP TAKE என்று திருப்பிப் போட்டாலும் வேலை நடக்கும். ஆக, இங்கே இலக்கணம் எதுவும் இல்லை, இரண்டு எண்கள் கிடைத்தால் போதும். நிரலின் எளிமையும் வேகமும் இதனால் வந்தவை. வினையை மட்டும் தட்டினால்கூட, அறையில் எடுக்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்று இருந்தால் அதைத்தான் சொல்கிறோம் என்று அதுவே ஊகித்துக்கொள்ளும். மிகச் சிறிய செலவில் மிகப் பெரிய கெட்டிக்காரத்தனம்.

பட்டியலில் LANTERN என்பது LANTE என்று நின்றுவிடுவதைக் கவனித்திருக்கலாம். பிடிபி-10 கணினியில் நினைவகத்தின் ஓர் அலகு 36 பிட். எழுத்துக்கு ஏழு பிட் என்றால் அதில் ஐந்து எழுத்துதான் அடங்கும். அதனால் ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தை மட்டுமே நிரல் பார்த்தது. வடகிழக்கே போக நினைத்து NORTHEAST என்று தட்டினால் அதன் கண்ணில் படுவது NORTH. NE என்று சுருக்கித் தட்டும்படி விளையாட்டின் குறிப்பே எச்சரித்தது. மறந்தவருக்குப் பிழைச் செய்தி ஏதும் வராது, வடக்கே கொண்டுபோய் விட்டுவிடும். புரியவில்லை என்று மறுப்பதைவிட, தப்பாகப் புரிந்துகொண்டு பேசாமல் செய்துமுடிப்பது மோசம்.

பெரிய குறை, மூன்றாவது சொல்லுக்கு இடமே இல்லாதது. எதைக்கொண்டு, எதன்மேல், எதற்குள் என்பதையெல்லாம் ஆடுபவர் சொல்லவே முடியாது. உட்ஸ் இதை ஓரிடத்தில் நகைச்சுவையாக்கினார். KILL DRAGON என்றால், எதைக்கொண்டு, வெறுங்கையாலா என்று நிரல் கேலியாகக் கேட்கும். ஆயுதம் தேடி அலைபவர் அலையவேண்டியதுதான், YES என்று தட்டுபவரிடம் டிராகன் செத்துவிழும்! எனக்குப் பிடித்த இடம் இது. ஆனால் நியாயமான புதிர் என்று சொல்லமாட்டேன். அதுவரை எல்லாக் கேள்வியையும் அலங்காரமாகவே எடுத்துக்கொண்டவருக்கு, இதற்கு மட்டும் விடை சொல்லலாம் என்று எப்படித் தெரியும்?

பட்டியலில் இல்லாத சொல்லைத் தட்டினால், அந்தச் சொல் தெரியாது என்றோ வெறுமனே WHAT? என்றோ பதில் வரும். இரண்டில் எது தெரியாத சொல் என்று சொல்லாது. அதற்குப்பின் ஆடுபவர் குகையை விட்டுவிட்டு, நிரலாளர் எந்த வினைச்சொல்லை எழுதிவைத்திருப்பார் என்று தேடத் தொடங்கிவிடுவார். எம்ஐடியில் 1977இல் தொடங்கப்பட்ட 'ஸோர்க்' முழு வாக்கியத்தையும் வாங்கிக்கொண்டது. அதிலும் இந்த வினைத் தேடல் முற்றிலும் ஒழியவில்லை.