சொல்லை மாற்றினால் சொந்தப் பதில் ஆகிவிடுமா?

இணையவழி வகுப்புகளில் ஒரு பழக்கம் உண்டு. ஆசிரியர் ஒரு கேள்வி போடுவார். எல்லோரும் ஆளுக்கொரு பதில் எழுதணும், கூடவே சக மாணவர் இரண்டு பேருக்கு மறுமொழியும் எழுதணும். முதலில் வரும் பதில்தான் பெரும்பாலும் மற்றவர்களுக்கு அச்சு.

மூடில் மென்பொருளில் இதற்கு ஒரு பூட்டு இருக்கிறது. கேள்வி-பதில் வகையைத் தேர்ந்தெடுத்தால், நம் பதிலைப் போடும்வரை மற்றவர்கள் எழுதியது தெரியாது. போட்ட பிறகும், வழக்கமாக 30 நிமிடத் திருத்த அவகாசம் முடிந்தால்தான் திறக்கும். இல்லாவிட்டால் ஒரு புள்ளியை வைத்துவிட்டு, மற்றதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாமே! ஆனால் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் பதிலைப் பகிர்ந்துவிட்டால் பூட்டு செல்லாது. என் குறை அதுவல்ல. மறுமொழி எப்படி எழுதுவது என்பதை இந்தப் பூட்டு சொல்லித் தருவதில்லை.

ஒரு உதாரணம். கேள்வி: மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? முதல் மாணவி எழுதுகிறாள்: "துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வெளியே உள்ள குளிர்ந்த காற்றும் துளை வழியே உள்ளே போகிறது."

அடுத்தவன்: "அருமை! நுண்துளைகளில் வெளிவரும் நீர் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. குளிர்காற்றும் உள்ளே நுழைகிறது." சொற்கள் மாறிவிட்டன, வரிசை மாறவில்லை. முக்கியமாக, தப்பும் அப்படியே வந்துவிட்டது. சித்திரை வெயிலில் வெளிக்காற்று குளிர்ச்சியாகவா இருக்கும்? சரியான விடை நூறு பேருக்கு ஒரே மாதிரி வரலாம். ஒரே தப்பு ஒரே இடத்தில் வந்தால் சந்தேகப்படணும். எந்தச் சுவடியிலிருந்து எது படியெடுக்கப்பட்டது என்று பதிப்பாசிரியர்கள் கண்டுபிடிப்பதும் பொதுவான பிழைகளை வைத்துத்தான்.

மூன்றாமவள்: "ஆவியாதல்தான் காரணம் என்று நீ சொன்னது சரியென்றால், ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊரில் பானை குறைவாகத்தான் குளிரணும். வெளிப்புறம் பெயின்ட் அடித்த பானையும் குளிரக் கூடாது. ஆனால் காற்று உள்ளே போவது ஏன்? கோடையில் அது சூடாக இருக்குமே." இவள் புதிதாக ஒரு கோட்பாட்டையும் கண்டுபிடிக்கவில்லை. தோழியின் கருத்தைப் பெயர் சொல்லி எடுத்து, அது உண்மையானால் வேறு என்ன நடக்கணும் என்று கேட்டாள். பொருந்தாத பாதியைத் தனியே பிரித்தும் காட்டினாள்.

மறுமொழியை அனுப்பும் முன் இரண்டு முறை அடித்துப் பார்க்கலாம். தோழி சொன்னதையெல்லாம் அடித்துவிட்டால் மிச்சம் ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் அது நகல். தோழியின் பதிவையே அடித்துவிட்டாலும் நம் மறுமொழி எந்தக் குறையும் இல்லாமல் நிற்கிறதா? நின்றால் அது தனிப் பதில், உரையாடல் இல்லை. மூன்றாமவள் எழுதியது இரண்டிலும் தேறும்.

மதிப்பெண் விதியில் "இருவருக்கு மறுமொழி" என்று எண்ணிக்கையை மட்டும் எழுதிவிட்டு, "அருமை" வருகிறதே என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. விதி கேட்டதைத்தானே பிள்ளைகள் கொடுக்கிறார்கள்?