அம்பு போய்ச் சேராத ஒரு வாக்கியம்

1999 டிசம்பர் 3 அன்று செவ்வாயின் தென்துருவப் பகுதியில் இறங்க வேண்டியிருந்த மார்ஸ் போலார் லேண்டரிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. இறங்கும்போது தகவல் அனுப்ப அதில் ஏற்பாடே இல்லாததால், என்ன நடந்தது என்பதற்கு நேரடிச் சாட்சி எதுவும் கிடையாது. ஜான் கசானி தலைமையில் ஜேபிஎல் அமைத்த ஆய்வுக் குழு 2000 மார்ச்சில் அறிக்கை தந்தது. கலம் தரையைத் தொடுவதற்கு முன்பே, தொட்டுவிட்டதாக மென்பொருள் எண்ணி எஞ்சின்களை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதுதான் அது கண்ட மிகச் சாத்தியமான காரணம்.

என் துறையில் ஆர்டிஎம் என்று சுருக்கிச் சொல்லும் தேவைத் தடவழி அட்டவணையை எடைபோட இதைவிடப் பொருத்தமான வழக்கு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தேவையும் எந்த வடிவமைப்பில் இறங்கியது, எந்தச் சோதனையில் சரிபார்க்கப்பட்டது, கடைசியில் எந்த வெளியீட்டில் போய்ச் சேர்ந்தது என்று வரிசை வரிசையாகக் காட்டுவது அந்த அட்டவணை. இந்த வழக்கில், மேல்மட்டத் தேவை ஆவணத்தில் இருந்த வாசகமும் மென்பொருள் தேவை ஆவணத்தில் இருந்த வாசகமும் அறிக்கையிலேயே அருகருகே அச்சிடப்பட்டிருக்கின்றன. அட்டவணையின் இரண்டு கட்டங்களை நம் கையால் நிரப்பிப் பார்க்கலாம்.

முதலில், நடந்திருக்கக்கூடியதாக அறிக்கை கருதுவதைச் சொல்லிவிடுகிறேன். கலத்துக்கு மூன்று கால்கள். தரையைத் தொட்டதை அறிய ஒவ்வொரு காலிலும் ஒரு ஹால் விளைவு உணரி. மடங்கியிருந்த கால்கள் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் வெடுக்கென விரியும். அந்த அதிர்வில் உணரி ஒரு கணம் 'தொட்டாயிற்று' என்று பொய்யாகச் சொல்லும். மென்பொருள் உணரிகளை விநாடிக்கு 100 முறை படித்தது. ஒரே உணரி அடுத்தடுத்து இரண்டு முறை அப்படிச் சொன்னால், அதை உண்மையான தொடுகை என்று குறித்துவைத்தது. ஒரு வாசிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே நூற்றில் ஒரு விநாடிதான். காலின் அதிர்வு அதைவிட நீடித்தால் குறிப்பு ஏறிவிடும். ஏறிய குறிப்பை யாரும் அழிக்கவில்லை. கலம் 40 மீட்டர் உயரத்துக்கு வந்து, தொடுகையைக் கவனிக்கலாம் என்ற அனுமதி கிடைத்ததும், மென்பொருள் அந்தப் பழைய குறிப்பைப் பார்த்து எஞ்சினை அணைத்தது. அப்போது இறங்கும் வேகம் விநாடிக்கு 13 மீட்டர். மீதித் தூரத்தைச் செவ்வாயின் ஈர்ப்பு பார்த்துக்கொண்டது. விநாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் கலம் மோதியிருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பழுதான உணரியை ஒதுக்கும் சோதனையும் அதே மென்பொருளில் இருந்தது. அனுமதி கிடைக்கும் தருணத்தில் உணரி 'தொட்டாயிற்று' என்று சொல்லிக்கொண்டிருந்தால் அது பழுது என்று முடிவுசெய்யும். ஆனால் கால் அதிர்ந்து அடங்கி வெகுநேரமாகிவிட்டது. அதனால் உணரி நலமாகத் தெரிந்தது. நலமான உணரி முன்பு சொன்ன பொய் உண்மையாக நின்றது.

இப்போது அட்டவணை. மேல்மட்ட ஆவணத்தில் இதைப் பற்றி மூன்று பத்திகள். முதல் பத்தியில் மூன்று செய்திகள் இருக்கின்றன. உணரிகளை விநாடிக்கு 100 முறை படிக்க வேண்டும்; செயலியின் சுமை சீராக இருப்பதற்காக, வளிமண்டலத்தில் நுழையும் முன்பே படிக்கத் தொடங்க வேண்டும்; ஆனால் தரையிலிருந்து 12 மீட்டர் உயரத்துக்கு வரும்வரை அந்தத் தரவைப் பயன்படுத்தக் கூடாது. ஆவணத்தில் இருந்த எண் 12; மேலே சொன்ன 40 மீட்டர், கலத்தில் அனுமதி கிடைக்கும் உயரம். இரண்டாம் பத்தி உணரியின் நலத்தைச் சோதிப்பது பற்றியது. மூன்றாவது, இரண்டு தொடர் வாசிப்புகளைக் கொண்டு தொடுகையை முடிவுசெய்வது பற்றியது. மென்பொருள் தேவை ஆவணத்தில் நான்கு பத்திகள்: உணரிகளைச் சுழற்சியாகப் படி, தொடுகை நிகழ்வை அறிவிக்க அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் படி, அனுமதி வந்ததும் பழுதானதைக் கண்டுபிடி, நல்ல உணரி ஒன்று இருமுறை சொன்னால் அறிவி.

பத்திக்கு ஒரு வரிசை என்று போட்டால் மேலே மூன்று வரிசைகள். மூன்றுக்கும் கீழே பிள்ளைகள் உண்டு, மூன்றுக்கும் சோதனை எழுதலாம். நூற்றுக்கு நூறு என்று கணக்கு வரும். அந்த நூறுக்குள்தான் '12 மீட்டர் வரும்வரை பயன்படுத்தக் கூடாது' என்ற வாக்கியம் காணாமல் போயிருக்கிறது. அட்டவணை மீதான என் முதல் குற்றச்சாட்டு இதுதான்: வரிசையை எவ்வளவு பெரிதாக வெட்டுகிறோமோ அவ்வளவுக்கு அது மறைக்கும். பத்தி எண்ணைத் தேவையின் எண்ணாக எடுத்துக்கொள்வது மிகப் பரவலான வழக்கம். ஆவணத்திலேயே எண் இருப்பதால் வசதி என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

சரி, வாக்கியத்துக்கு ஒரு வரிசை என்று வெட்டிவிடலாம். அப்போது அந்த வாக்கியத்தின் வலப்பக்கக் கட்டம் காலியாக நின்று எல்லோரையும் உலுக்கியிருக்குமா? வெகுகாலம் அப்படித்தான் நானும் நம்பினேன். இரண்டு வாசகங்களையும் மறுபடி மறுபடி படித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. ஏனென்றால் மென்பொருள் ஆவணத்தில் 'அனுமதி வந்ததும்' என்ற சொற்கள் இருக்கின்றன. நேர்மையான பொறியாளர் ஒருவர் அதைப் பார்த்து, 'உயரம் குறையும்வரை அறிவிப்பு கிடையாது, ஆகவே தேவை நிறைவேறியது' என்று அம்பு போட்டிருப்பார். அவர் சோம்பேறியல்ல. அறிவிக்காமல் இருப்பதும் பயன்படுத்தாமல் இருப்பதும் ஒன்று என்று எண்ணியிருப்பார். அவ்விரண்டுக்கும் நடுவே நினைவில் வைத்துக்கொள்வது என்று ஒன்று உண்டு. கலம் வீழ்ந்தது அங்கே. ஒரு வாசகம் இன்னொன்றோடு தொடர்புடையது என்பதை அட்டவணை பதிவுசெய்யும். கீழே உள்ளது மேலே உள்ளதை முழுமையாக ஈடுசெய்கிறதா என்ற கேள்வி அதன் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை.

இதுவரை சொன்னதை வைத்து அட்டவணையைத் தூக்கி எறியலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அடுத்த கட்டத்துக்குப் போனால் எடை மறுபக்கம் சாய்கிறது. வாக்கியத்துக்கு ஒரு வரிசை வெட்டியிருந்தால், அந்த வரிசைக்கென்று தனியாக ஒரு சோதனை எழுதியாக வேண்டும். 'கூடாது' என்று முடியும் தேவையை எப்படிச் சோதிப்பது? செய்யக் கூடாததைச் செய்யத் தூண்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அதாவது, உயரத்தில் இருக்கும்போதே உணரிக்கு ஒரு பொய்த் தொடுகையை ஊட்டி, பிறகு கலத்தைக் கீழே இறக்கி, எஞ்சின் எரிந்துகொண்டே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேசை மேல், சிமுலேட்டரில் செய்யக்கூடிய வேலை. எழுதியிருந்தால் முதல் ஓட்டத்திலேயே எஞ்சின் அணைந்திருக்கும். வடிவமைப்புக் கட்டத்தில் தவறான அம்பை அனுமதித்திருக்கக்கூடிய அதே அட்டவணை, சோதனைக் கட்டத்தில் தவற்றைப் பிடித்திருக்கும். அதன் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

ஆனால் சோதனை நெடுவரிசைக்கும் ஓர் எல்லை உண்டு, அதையும் இந்தக் கலமே காட்டியது. கால் விரிக்கும் சோதனை நடந்தது. தொடுகை உணரிகளையும் சோதித்தார்கள். அப்போது உணரிகளின் வயரிங் தவறாக இருந்தது. அதைச் சரிசெய்தபின் தொடுகைச் சோதனையை மறுபடி செய்தவர்கள், கால் விரிப்பதை மறுபடி செய்யவில்லை. அட்டவணையைப் பிடித்துக்கொண்டு யோசித்தால் அவர்கள் செய்தது சரி. மாறியது வயரிங், வயரிங்கோடு கட்டப்பட்டது தொடுகைத் தேவை, கால் விரிவது இயந்திரப் பகுதியின் வேறொரு வரிசை. கால்கள் விரிந்து பூட்டிக்கொண்டால் அந்த வரிசை நிறைவேறிவிடும். கால் விரியும்போது உணரி என்ன சொல்லும் என்பது இரண்டு வரிசைக்கும் நடுவில் கிடந்தது. பொய்யாகத் 'தொட்டாயிற்று' என்று சொல்லும் என்பது கால்களைத் தனியாக விரித்துப் பார்த்த சோதனைத் தரவுகளில் இருந்தது என்று அறிக்கை சொல்கிறது. மென்பொருள் எழுதியவரின் தேவை வாசகத்தில்தான் அது இல்லை.

ஏன் இல்லை? '12 மீட்டர்' என்ற நிபந்தனைக்கான காரணம் தேவை வாசகத்தோடு எழுதப்படவில்லை. சீக்கிரம் படிக்கத் தொடங்குவதற்குக் காரணம் இருந்தது: செயலிச் சுமை. படித்ததைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்குக் காரணம் இல்லை. 'கால் விரியும்போது பொய்க் குறி வரும்' என்ற ஐந்து சொற்கள் கூடவே போயிருந்தால், குறிப்பை அழிக்க வேண்டும் என்று எந்த நிரலாளருக்கும் தோன்றியிருக்கும். ஓர்லீனா காட்டெலும் அந்தோனி ஃபிங்கல்ஸ்டைனும் 1994-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் சுட்டியது. தேவை ஆவணமான பிறகு அது எங்கே போகிறது என்பதைப் பின்தொடர்வதில் கருவிகள் தேறிவிட்டன. அது ஆவணமாகும் முன் யாரிடமிருந்து, எதற்காக வந்தது என்பதில்தான் பெரும்பாலான சிக்கல் இருக்கிறது என்றார்கள். போலார் லேண்டர் ஏவப்படுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு வந்த கட்டுரை அது. இன்றைக்கும் நான் பார்க்கும் அட்டவணைகளில் வலப்பக்கம் ஆறேழு நெடுவரிசைகள் இருக்கும். இடப்பக்கம், தேவைக்கு முன்னால், ஒன்றும் இருக்காது.

அட்டவணையில் கடைசியாக உள்ள வெளியீட்டு நெடுவரிசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்தப் பதிப்பில் எது போனது என்பதைக் கருவிகள் இப்போது தாமாகவே பதிந்துவிடுகின்றன.

விமான மென்பொருளுக்கான டிஓ-178சி போன்ற தரநிலைகள் இருதிசைத் தடவழியைக் கட்டாயமாக்குகின்றன. கட்டாயம் என்பதால் அட்டவணை எங்கும் இருக்கிறது. நான் வேலை செய்த ஓர் இடத்தில் தணிக்கைக்கு முந்தைய வாரம், குறியீடும் சோதனையும் முடிந்தபின், உட்கார்ந்து கட்டங்களை நிரப்பினோம். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு தேவையைத் தேடிப் பிடித்தோம். எதிர்த்திசையில் வந்திருந்தால் சோதனையே இல்லாத தேவைகள் தெரிந்திருக்கும். அந்த வாரத்தை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன். பின்னால் நிரப்பிய அட்டவணை, இருப்பதை மட்டும்தான் பட்டியலிடும்.

ஆகவே என் தீர்ப்பு: நூற்றுக்கு நூறு இணைப்பு என்ற எண்ணைத் தரச் சான்றாக ஏற்கக் கூடாது, ஏனென்றால் போலார் லேண்டரின் மூன்று பத்திகளும் அந்த மதிப்பெண்ணை வாங்கியிருக்கும். அட்டவணையை மூன்று நிபந்தனைகளோடு வைத்துக்கொள்ளலாம். ஒரு வரிசையில் ஒரே வாக்கியம் இருக்க வேண்டும். தேவைக்கு இடப்பக்கம் அதன் காரணம் எழுதப்பட வேண்டும். கீழ்மட்ட வாசகம் போதுமா என்பதில், மேல்மட்ட வாசகத்தை எழுதியவரே கையெழுத்திட வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் செலவு பிடிக்கும். ஆயிரம் வரிசையுள்ள திட்டத்தில் அது வாரக்கணக்கான வேலை. அத்தனைக்கும் முடியாதென்றால், 'கூடாது' என்று முடியும் வரிசைகளுக்காவது செய்யலாம். அவை எப்போதும் குறைவாகவே இருக்கும். இப்போதெல்லாம் ஓர் அட்டவணை கைக்கு வந்தால் நான் முதலில் வடிகட்டிப் பார்ப்பது அந்த வரிசைகளைத்தான். அவற்றுக்கு எதிரே உள்ள சோதனையைத் திறந்து, அந்தக் கூடாததை யாராவது நடத்திப் பார்த்திருக்கிறார்களா என்று தேடுகிறேன்.