பில் அதிகம், கேள்வி யாருக்கு?

விபத்தில் அடிபட்ட கார் பழுது பார்க்கப்பட்டு, ஒர்க்ஷாப்பின் பில் காப்பீட்டு நிறுவனத்துக்கு வந்து சேர்கிறது. சர்வேயர் முதலில் மதிப்பிட்டதைவிடத் தொகை ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதில் மோசடி இருக்கலாம், எழுத்துப் பிழை இருக்கலாம், முழு நியாயமும் இருக்கலாம். எது என்று தெரியாத நிலையில் நிறுவனம் பாலிசிதாரருக்கு ஒரு கடிதம் எழுதுகிறது. யாரையும் குற்றம் சாட்டாமல், தொகை ஏன் கூடியது என்று மட்டும் கேட்கும் கடிதம் அது. இந்திய மோட்டார் காப்பீட்டில் நெடுநாளாக உள்ள வழக்கம் இது. இதன் பலம் அதன் தொனியில் இருக்கிறது. குறை, அது போய்ச் சேரும் முகவரியில் இருக்கிறது.

தொனி நடுநிலையாக இருப்பதற்கு மரியாதை மட்டும் காரணமில்லை. பில்லைப் போட்டது ஒர்க்ஷாப். கடிதத்தைப் படிப்பது பாலிசிதாரர். ‘இந்த ஒர்க்ஷாப் விலையை ஏற்றிப் பில் போட்டிருக்கிறது’ என்று பாலிசிதாரருக்கு எழுதினால், ஒருவரைப் பற்றிய பழியை இன்னொருவரிடம் சொன்னதாகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு அவதூறைக் குற்றமாக வைத்திருக்கிறது. தன் நலனைக் காக்க நல்லெண்ணத்துடன் சொன்னது என்ற விலக்கு அதில் உண்டு. ஆனால் ஆதாரம் கைக்கு வரும் முன்பே அந்த விலக்கின் தயவில் நிற்க எந்த நிறுவனமும் விரும்பாது. இதைவிட நடைமுறையான காரணம் ஒன்றும் இருக்கிறது. பழி சுமத்தப்பட்டவர் பதில் சொல்வதை விட்டுவிட்டுத் தற்காப்பில் இறங்குகிறார். தவறான வரியைத் திருத்திப் புதிய பில் கொடுக்கத் தயாராக இருந்த ஒர்க்ஷாப்கூட அப்போது பழைய பில்லையே பிடித்துக்கொள்ளும். குற்றம் சாட்டாத கடிதம் பின்வாங்குவதற்கு வழி விடுகிறது. பல கோப்புகள் அந்த வழியில்தான் முடிகின்றன.

ஆனால் நடுநிலையும் மழுப்பலும் அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. வழக்கமாகப் போகும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘தாங்கள் சமர்ப்பித்த பில் தொகை வழக்கத்துக்கு மாறாக அதிகமாகக் காணப்படுகிறது. இதற்கான தக்க விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் அளிக்கவும்.’ குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்று எழுதியவர் நினைப்பார். படிப்பவருக்கு வேறு விதமாகக் கேட்கும். தமிழ் அலுவலக வழக்கில் ‘விளக்கம் கேட்பது’ என்றால் தவறு செய்த ஊழியருக்கு மெமோ கொடுப்பது. அந்தச் சொல்லே பாதி தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. ‘தக்க’ என்ற அடைமொழி மீதியையும் சொல்லிவிடுகிறது. ‘விவரம்’ என்று எழுதினால் இந்த வாடை வராது. ‘வழக்கத்துக்கு மாறாக’ என்பதும் அப்படித்தான். எந்த வழக்கம், யாருடைய வழக்கம் என்று சொல்லாதபோது அது சந்தேகத்தின் மறைபெயராகிறது. இத்தனைக்கும் எந்த வரியில் எவ்வளவு கூடியது என்ற ஒரே பயனுள்ள தகவல் கடிதத்தில் இல்லை.

ஒரு கற்பனைக் கோப்பை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். மூன்றரை வயதான சிறிய கார். இடப்பக்க முன்மூலை சாலைத் தடுப்பில் மோதியிருக்கிறது. மோட்டார் காப்பீட்டில் 50,000 ரூபாய்க்கும் அதற்கு மேலும் வரும் இழப்பை உரிமம் பெற்ற சர்வேயர்தான் மதிப்பிட வேண்டும் என்பதால் ஒருவர் வந்து பார்க்கிறார். பம்பர், பானெட், இடப்பக்க ஃபெண்டர், இடப்பக்க ஹெட்லைட், டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் சேர்த்து அவருடைய முதல் மதிப்பீடு 62,000 ரூபாய். வேலை முடிந்து வரும் பில் 1,15,640 ரூபாய். வித்தியாசம் 53,640. இந்த எண்ணை மட்டும் பார்க்கும் அதிகாரிக்குச் சந்தேகம் வருவது இயல்புதான்.

பில்லை வரிவரியாகப் பிரித்தால் படம் மாறுகிறது. முதல் மதிப்பீட்டில் ஜிஎஸ்டி சேர்க்கப்படவில்லை; பில்லில் 98,000 ரூபாய்க்கு 18 சதவீதம், அதாவது 17,640 ரூபாய் வரி ஏறியிருக்கிறது. பம்பரைக் கழற்றிய பிறகுதான் ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் நசுங்கியிருப்பது தெரிந்தது; அதற்கு 17,200 ரூபாய். சர்வேயர் அந்தப் படங்களைப் பார்த்துக் கூடுதல் மதிப்பீட்டுக்குச் சம்மதம் கொடுத்ததும் கோப்பில் இருக்கிறது. பிரித்துப் பார்த்த பிறகு தொகை கூடுவது முன்பக்க மோதலில் சாதாரணம். மிஞ்சுவது இரண்டு இனங்கள். வலப்பக்க ஹெட்லைட் 9,800 ரூபாய். முதலில் மூன்று பகுதிகளுக்கு என்றிருந்த பெயிண்டிங் ஐந்து பகுதிகளானதில் தலா 4,500 வீதம் 9,000 ரூபாய். இந்த 18,800 ரூபாய்க்கும் அதன் வரி 3,384 ரூபாய்க்கும்தான் கேள்வி இருக்கிறது. மீதி 31,456 ரூபாய்க்கான பதில் நிறுவனத்தின் சொந்தக் கோப்பிலேயே கிடக்கிறது. மொத்தத் தொகையைக் காட்டி விளக்கம் கேட்கும் கடிதம், தன் அலமாரியில் உள்ளதைத் தேடாமல் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

நல்ல கடிதம் இந்த இரண்டு இனங்களை மட்டும் கேட்கும். ‘விபத்துக்கு மறுநாள் சர்வேயர் எடுத்த படங்களில் வலப்பக்க ஹெட்லைட்டின் சேதம் தெரியவில்லை. பில்லில் அதை மாற்றியதற்கு 9,800 ரூபாய் உள்ளது. மாற்றிய பழைய ஹெட்லைட் ஒர்க்ஷாப்பில் இருக்கிறதா? அதன் படமோ, புதியதை வாங்கிய பில்லோ, ஜாப் கார்டின் நகலோ கிடைத்தால் அனுப்பவும். இதுபற்றித் தங்களுக்குத் தெரியாவிட்டால் அப்படியே எழுதினால் போதும்.’ இதில் ‘அதிகம்’ என்ற சொல்லே இல்லை. படத்தில் உள்ளது ஒன்று, பில்லில் உள்ளது ஒன்று, இரண்டையும் இணைக்கும் பொருள் எங்கே என்பதே கேள்வி. நேர்மையான ஒர்க்ஷாப் இதற்கு ஒரே நாளில் பதில் சொல்லிவிடும். ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காது உடைந்தால் கண்ணாடி முழுசாகத்தான் இருக்கும். வெளிப்படத்தில் எதுவும் தெரியாது. பெயிண்டிங்கிலும் அப்படி ஒரு நியாயம் உண்டு. மெட்டாலிக் நிறத்தில் இடப்பக்க ஃபெண்டருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்தால் பக்கத்துக் கதவோடு நிறம் ஒட்டாது. அதனால் கதவிலும் இழுத்து அடிப்பார்கள். வலப்பக்க ஃபெண்டருக்கு அந்தச் சமாதானம் எளிதில் பொருந்தாது.

‘தெரியாவிட்டால் அப்படியே எழுதினால் போதும்’ என்ற வரி சின்னதாகத் தெரிந்தாலும் இந்த வழக்கத்தின் பெரிய ஓட்டையை ஓரளவு அடைப்பது அதுதான். கேஷ்லெஸ் முறையில் பணம் நிறுவனத்திலிருந்து நேராக ஒர்க்ஷாப்புக்குப் போகிறது. கார் உரிமையாளர் தன் பங்கைக் கட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்கிறார். பில்லின் ஒவ்வொரு வரியையும் படித்திருக்க மாட்டார். அவரிடம் ஹெட்லைட்டின் காதைப் பற்றி விளக்கம் கேட்டால் அவர் போகக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: பில் போட்ட அதே ஒர்க்ஷாப். அங்கே கிளெய்ம் வேலைகளைக் கவனிக்கும் ஊழியர் பதிலை எழுதிக் கொடுப்பார். உரிமையாளர் கையெழுத்துப் போடுவார். கடிதம் ஆங்கிலத்தில் வந்திருந்தால் அதைப் படித்துப் பொருள் சொல்பவரும் பெரும்பாலும் அந்த ஊழியரே. ஆக, யார்மேல் கேள்வியோ அவரே பதிலை எழுதுகிறார், எதுவும் தெரியாதவர் அதற்குப் பொறுப்பேற்கிறார். அந்தப் பதிலில் பொய் இருந்தால் அது பாலிசிதாரரின் பொய்யாகப் பதிவாகிவிடுகிறது. குற்றம் சாட்டாத கடிதம், அதை எழுதியவர் நினைக்காமலே, குற்றமற்றவரை இப்படி மாட்டிவைக்க முடியும். பில்லின் இனங்களைப் பற்றிய கேள்விகளை நேராக ஒர்க்ஷாப்புக்கும், விபத்து எப்படி நடந்தது, கார் முன்பே அடிபட்டிருந்ததா போன்ற கேள்விகளை உரிமையாளருக்கும் பிரித்து அனுப்பினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். ஒப்பந்தம் பாலிசிதாரரோடுதான் என்பதால் எல்லாமே அவர் பெயருக்குப் போவது சட்டத்துக்குச் சரி. விடை கிடைப்பதற்கு அது குறுக்கே நிற்கிறது.

உரிமையாளருக்கு இதில் சொந்த நட்டமும் உண்டு. எந்தக் கடிதமும் அதைச் சொல்வதில்லை. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிக்கப்படும். பிளாஸ்டிக்காகக் கணக்கிடப்படும் ஹெட்லைட்டின் 9,800 ரூபாயில் 4,900 ரூபாய் உரிமையாளரின் பையிலிருந்து போகிறது. மாற்றாத பாகத்துக்குப் பில் போட்டிருந்தால் முதலில் ஏமாந்தவர் அவர். ‘பம்பர் டு பம்பர்’ என்று மக்கள் அழைக்கும் தேய்மானம் இல்லாத பாலிசி வைத்திருப்பவருக்கு இந்த நட்டம் கிடையாது. பில்லைப் படிக்க வேண்டிய காரணமும் அவருக்குக் குறைவு. பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் அதிகாரி பாலிசியின் வகையை முதலில் கவனிப்பது இதனால்தான். சாதாரண பாலிசி உள்ளவருக்குப் போகும் கடிதத்தில், ‘இந்த இனத்தில் தங்கள் பங்கு 4,900 ரூபாய்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். விசாரிக்கப்படுபவர் அந்த வரியிலேயே கணக்குக் கேட்பவராக மாறிவிடுவார்.

அடுத்த குறை காலம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி சர்வேயர் அறிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். மழுப்பலான கடிதம் இந்தக் கெடுவிலிருந்து நழுவ நல்ல கருவி. ‘விளக்கம் வரவில்லை’ என்று எழுதிவிட்டால் தாமதம் பாலிசிதாரர் கணக்கில் ஏறும். திருப்தி இல்லை என்று மறு கடிதமும் போடலாம். என்ன கேட்டோம் என்பதே தெளிவில்லாதபோது எது போதுமான பதில் என்பதற்கும் எல்லை கிடையாது. இதற்குள் ஆதாரமும் கரைகிறது. கழற்றிய பாகங்கள் ஒர்க்ஷாப் மூலையில் சில வாரம் கிடந்து, பிறகு பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். உடைந்த ஹெட்லைட்டைக் கண்ணால் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் விஷயம், அது போன பிறகு ஐந்து கடிதத்திலும் முடியாது. கடிதம் தயாராகும் அன்றே பழைய பாகங்களை எடுத்து வைக்கும்படி ஒர்க்ஷாப்புக்குத் தகவல் சொல்லாத நிறுவனம், நடுநிலையாக எழுதினாலும் உண்மையைத் தேடியதாகாது.

மேலே சொன்ன கோப்பு நல்லபடியாக நடந்தால் இப்படி முடியும். பழைய ஹெட்லைட் கிடைக்கிறது, அதன் ஒரு காது உடைந்திருக்கிறது; 9,800 ரூபாய் ஏற்கப்படுகிறது. கதவின் பெயிண்டிங்கும் ஏற்கப்படுகிறது. வலப்பக்க ஃபெண்டர் ‘தவறுதலாகச் சேர்ந்துவிட்டது’ என்று ஒர்க்ஷாப் எழுதி, 4,500 ரூபாயையும் அதன் வரி 810 ரூபாயையும் கழித்து 1,10,330 ரூபாய்க்குப் புதிய பில் கொடுக்கிறது. 53,640 ரூபாய்ச் சந்தேகத்தில் நின்றது 5,310 ரூபாய். அந்த ஃபெண்டர் உண்மையிலேயே தவறுதலாகச் சேர்ந்ததா என்பதை இந்தக் கடிதத்தால் சொல்ல முடியாது. அதைக் கேட்கவே கூடாது என்பதுதான் அதன் விதி. அதே ஒர்க்ஷாப்பின் வேறு பில்களிலும், அடிபடாத பக்கத்து ஃபெண்டர் இதேபோலத் தவறுதலாகச் சேர்ந்திருக்கிறதா என்பது ஒவ்வொரு பாலிசிதாரருக்கும் தனித்தனியாகப் போகும் கடிதங்களில் தெரியவே தெரியாது. நிறுவனம் ஒர்க்ஷாப் வாரியாகத் திருத்தப்பட்ட பில்களைக் குறித்து வைத்திருந்தால் அந்தப் பேரேட்டில் தெரியும்.