வெட்டியும் வெட்டுப்படாத பக்கம்: பாப்ளர் கருவிகள் குறித்து ஒரு மதிப்பீடு

பி.டி.எஃப். கோப்புகளைக் கட்டளை வரியில் கையாள்வோருக்கு பாப்ளர் அறிமுகம் வேண்டாத தொகுப்பு. எக்ஸ்பிடிஎஃப் 3.0-இன் மூலநிரலிலிருந்து கிளைத்து வளர்ந்த இந்நிரலகமே லினக்ஸ் மேசைக் கணினிகளில் எவின்ஸ், ஒக்குலர் ஆகிய வாசிப்பான்களின் உள்ளே இருந்து பி.டி.எஃப். பக்கங்களை வரைகிறது என்பதால், அதன் வேகத்தையும் நம்பகத்தையும் குறித்துப் புதிதாகச் சொல்வதற்கு அதிகமில்லை. ஆயினும் அதனுடன் பல வாரங்கள் தொடர்ந்து வேலை செய்பவரின் பொறுமையை ஒரு குணம் ஓயாமல் சோதிக்கிறது: ஓரம் வெட்டப்பட்ட பக்கம் ஒன்றைக் கொடுத்தால், இத்தொகுப்பின் கருவிகள் அதன் அளவைக் குறித்துத் தமக்குள்ளேயே உடன்படுவதில்லை.

இந்த முரண்பாட்டின் வேர் பி.டி.எஃப். வடிவத்தின் அமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மீடியா பாக்ஸ் எனப்படும் ஒரு செவ்வகம் கட்டாயமாக உண்டு. அது பக்கம் அச்சாகவிருக்கும் தாளின் முழுப் பரப்பைக் குறிக்கிறது. கிராப் பாக்ஸ் என்பது விருப்பத்துக்கு விடப்பட்ட இரண்டாவது செவ்வகம். வாசிப்பான் திரையிலோ அச்சிலோ காட்ட வேண்டிய பகுதி எது என்பதை அது சொல்கிறது. அது குறிப்பிடப்படாவிட்டால் மீடியா பாக்ஸே அதன் இடத்தையும் எடுத்துக்கொள்ளும். மீடியா பாக்ஸுக்கு வெளியே நீண்டால், இரண்டும் பொதுவாக மூடும் பரப்பு மட்டுமே கணக்கில் வரும். இரண்டுமே நான்கு எண்களால் எழுதப்படுகின்றன: முதல் இரண்டு கீழ் இடது மூலையையும், அடுத்த இரண்டு மேல் வலது மூலையையும் குறிக்கும், அளவு, ஓர் அங்குலத்தை 72 பங்கிட்ட புள்ளியில் அமையும். அச்சகத்தார் வழக்கிலுள்ள டிரிம் பாக்ஸ், அதாவது வெட்டி முடித்த தாளின் அளவைச் சொல்லும் செவ்வகம், வேறொன்று. அது வாசிப்பான் காட்டும் பரப்பைப் பொதுவாக மாற்றுவதில்லை.

ஆக, வாசிப்பானில் ஒரு பக்கத்தின் ஓரத்தை வெட்டும்போது பெரும்பாலும் நடப்பதெல்லாம் இந்த நான்கு எண்கள் மாறுவதுதான். பக்கத்தின் எழுத்தும் படமும் கோப்பில் அப்படியே இருக்கின்றன. ஏ4 அளவுள்ள ஒரு விலைப்புள்ளியை எடுத்துக்கொள்ளலாம். அதன் தலைப்பகுதியில் விலையை எவ்வளவு வரை குறைக்கலாம் என்ற உள்குறிப்பு ஒன்று இருக்க, வாடிக்கையாளருக்கு அனுப்புமுன் மேலிருந்து 142 புள்ளி, அதாவது ஏறத்தாழ 5 செ.மீ., வெட்டி மறைக்கப்பட்டதாகக் கொள்வோம். அக்கோப்பை `pdfinfo` கருவியிடம் கொடுத்தால் விடையின் முக்கிய வரிகள் இவ்வாறு அமையும்:

```
$ pdfinfo -box quote.pdf
Page size:       595 x 700 pts
MediaBox:        0.00  0.00  595.00  842.00
CropBox:         0.00  0.00  595.00  700.00
```

எவின்ஸும் ஒக்குலரும் காட்டுவது 700 புள்ளி உயரமுள்ள பக்கத்தைத்தான்; `pdfinfo` பக்க அளவு என்று அறிவிப்பதும் அதுவே. ஆனால் பக்கத்தைப் படமாக்கும் `pdftoppm` கருவியை, ஒரு புள்ளிக்கு ஒரு பிக்சல் வீதம் அமையும்படி `-r 72` என்று இயக்கினால், 842 பிக்சல் உயரமுள்ள படம் வந்து நிற்கிறது. மறைத்த உள்குறிப்பு அதன் உச்சியில் தெளிவாகத் தெரிகிறது. `-cropbox` என்ற சொல்லைத் தனியே சேர்த்தால் மட்டுமே படம் 700 பிக்சலுக்குச் சுருங்குகிறது. எழுத்தைப் பிரித்தெடுக்கும் `pdftotext` கருவியும் மீடியா பாக்ஸ் முழுவதையும் வாசித்து, மறைத்த வரியையும் சேர்த்தே ஒப்படைக்கிறது.

அச்சகத்தின் பார்வையில் இதற்கு ஒரு நியாயம் உண்டு: வெட்டுக்குறிகளும் வண்ணப்பட்டைகளும் மீடியா பாக்ஸின் ஓரத்தில்தான் இருக்கும் என்பதால், அவற்றையும் சேர்த்துப் படமாக்க விரும்புவோருக்கு முழுத்தாளே தேவை. கோஸ்ட்ஸ்கிரிப்டும் இயல்பாக மீடியா பாக்ஸையே எடுத்துக்கொண்டு, கிராப் பாக்ஸ் வேண்டுமென்பவரை `-dUseCropBox` எழுதச் சொல்கிறது. எனினும் ஒரே தொகுப்பில் அளவு சொல்லும் கருவி ஒரு செவ்வகத்தையும் படம் வரையும் கருவி மற்றொன்றையும் இயல்பாகக் கொள்வதை வடிவமைப்பு என்று ஏற்பது கடினம். வரலாற்றின் எச்சம் என்பதே பொருத்தம். `pdfinfo` சொன்ன அளவை நம்பி, படத்தின் மேல் குறிகளை இடும் நிரல் எழுதுபவர், எல்லாக் குறிகளும் 142 பிக்சல் தள்ளிப்போவதைக் கண்ட பிறகுதான் காரணத்தைத் தேடத் தொடங்குவார்.

இதனுடன் ஒட்டிய இன்னொரு தொல்லை, கிராப் பாக்ஸ் பக்கத்தின் ஆயங்களை மாற்றுவதில்லை என்பது. கீழ்ப்பகுதியில் 100 புள்ளி வெட்டப்பட்டு கிராப் பாக்ஸ் `[0 100 595 842]` ஆகிவிட்டால், கண்ணுக்குத் தெரியும் கீழ் இடது மூலை (0, 100) ஆகும். பக்க எண்ணை வழக்கம்போல் (20, 20) என்னும் இடத்தில் அச்சிடும் நிரல் எவ்விதப் பிழையும் அறிவிக்காமல் முடியும், எண்ணோ எந்த வாசிப்பானிலும் தெரியாது. பக்கவாட்டில் ஸ்கேன் செய்யப்பட்டு, வலஞ்சுழியாக 90 பாகை திருப்பிக் காட்டும்படி `/Rotate 90` குறிக்கப்பட்ட பக்கங்களில் குழப்பம் இரட்டிப்பாகிறது; ஏனெனில் செவ்வகங்கள் திருப்புவதற்கு முந்தைய நிலையிலேயே அளக்கப்படுகின்றன. அத்தகைய பக்கத்தில் திரையின் மேல்பகுதியை 142 புள்ளி மறைக்க `[142 0 595 842]` என்று எழுத வேண்டும். பழக்கத்தில் `[0 0 595 700]` என்று எழுதினால் வெட்டுப்படுவது திரையின் வலப்பக்கம்.

எண்களை மட்டும் மாற்றும் இவ்வெட்டு வாசகருக்கு உதவும் இடமும் உண்டு. இடமும் வலமும் 60 புள்ளி வெள்ளோரம் கொண்ட ஏ4 நூலை அகலத்துக்குப் பொருத்திக் கைபேசியில் படிக்கையில், ஓரங்களை வெட்டினால் 475 புள்ளி அகலமே திரையை நிரப்புவதால் எழுத்து கால் பங்கு பெரிதாகத் தெரிகிறது. பின்னர் கிராப் பாக்ஸை நீக்கினால் நூல் பழைய உருவுக்கு அப்படியே திரும்புகிறது. இரகசியத்தை மறைக்க நினைப்பவருக்கு இடையூறாகும் அதே மீட்சி இங்கே வசதியாகிறது.

மறைத்தது உண்மையில் மறைந்ததா என்று அறிய, `-cropbox` சேர்க்காமல் `pdftoppm` இயக்கிப் பார்ப்பதே எளிய சோதனை; எரிச்சலூட்டிய இயல்பு இந்த ஒரு வேலைக்கு மிகவும் பயன்படுகிறது. ஆனால் அச்சோதனைக்கும் எல்லை உண்டு. மீடியா பாக்ஸையும் சேர்த்துச் சுருக்கிய கோப்பில் படம் தூய்மையாகவே வரும். `pdftotext` கருவியும் பக்க எல்லைக்கு வெளியே விழும் எழுத்துகளைக் கைவிட்டுவிடும். ஆயினும் பக்கத்தின் உள்ளடக்கம் தொடப்படாததால், செவ்வகங்களைப் பொருட்படுத்தாமல் எழுத்தை வாசிக்கும் பைபிடிஎஃப் போன்ற பைத்தான் நிரலகம் அந்த வரியை எடுத்துக் கொடுத்துவிடும். வரியை நீக்கவே வேண்டுமென்றால், அக்ரோபாட் புரோவில் உள்ளதுபோன்று வெட்டப்பட்ட உள்ளடக்கத்தையும் களையும் வசதியை நாட வேண்டும். இல்லையெனில் `pdftoppm -cropbox -r 300` கொண்டு பக்கத்தைப் படமாக்கி, அப்படத்திலிருந்து புதிய பி.டி.எஃப். செய்துகொள்ளலாம், ஆனால் அதில் சொல் தேடும் வசதி இராது.