அரைச் சுற்று கழித்தும் பூஜ்யம்

வித்தையெல்லாம் அலைன்மென்ட்டில்தான், பேலன்சிங் என்பது வெயிட் ஒட்டுகிற வேலை மட்டும்தான் என்று சொல்கிற கார்ப் பிரியர்கள் நிறையப் பேர். நான்கு சக்கரத்திலும் பலகை மாட்டி, திரையில் சிவப்பு எண்கள் பச்சையாவதைப் பார்ப்பதில் ஒரு கவர்ச்சி இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போகிற சுகம் பேலன்சிங் ஆபரேட்டரின் கையில்தான் இருக்கிறது.

சேலம் பைபாஸ் ஓரத்து டயர் கடையொன்றில் அப்படி ஒருவர் இருக்கிறார். சக்கரத்தைக் கழற்றியதும் ரிம்மின் உட்புறத்தில் காய்ந்த சேற்றைச் சுரண்டுவார், பழைய வெயிட்டுகள் அத்தனையையும் பிடுங்குவார், நடு ஓட்டையின் துருவைத் துடைப்பார். பிறகுதான் கோன். இயந்திரம் உள்ளுக்கும் வெளிக்கும் பூஜ்யம் காட்டியதும் மற்றவர்கள் சக்கரத்தை இறக்கிவிடுவார்கள். அவர் நட்டைத் தளர்த்தி, தண்டின் மேல் சக்கரத்தை மட்டும் அரைச் சுற்று திருப்பி, மறுபடி இறுக்கிச் சுழல விடுவார்.

இந்த அரைச் சுற்றைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். கோன் சரியாகப் பதியாமல் சக்கரம் ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்திருந்தால், இயந்திரம் அந்தத் தப்பான இருப்புக்கே கணக்குப் போட்டு பூஜ்யம் காட்டிவிடும். காரில் மாட்டும்போது அந்தப் பூஜ்யம் கூட வராது. அரைச் சுற்று திருப்பினால் தப்பு எதிர்ப்பக்கம் போய், 15, 20 கிராம் என்று திரையில் வெளிப்பட்டுவிடும். இன்னொன்றும் அவர் செய்வார். பல இயந்திரங்கள் சில கிராம் மீதம் இருந்தாலும் அதைப் பூஜ்யமாகவே காட்டும். அந்த மீதத்தைத் திறந்து காட்டும் பொத்தானை அழுத்திப் பார்க்காமல் சக்கரத்தை விடமாட்டார்.

கிராமில் என்ன இருக்கிறது என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். 14 அங்குல ரிம்மின் விளிம்பில் 30 கிராம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 15 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 5 கிலோ எடைக்குச் சமமான விசை சக்கரத்தை வெளியே இழுக்கும். 50இல் போனால் அதில் கால் பங்குதான். ஊருக்குள் தெரியாத உதறல் பைபாஸ் ஏறியதும் வருவது அதனால்தான். முன் சக்கரத்துக் குறை ஸ்டியரிங்கில் தெரியும், பின் சக்கரத்துக் குறை பெரும்பாலும் சீட்டில் தெரியும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். வெயிட்டுக்கு அங்கே வேலையில்லை.

அவரிடம் ஒரு ஹேட்ச்பேக் வந்தது. புது டயர் போட்டு, வேறொரு கடையில் அலைன்மென்ட்டும் முடித்த வண்டி. 85 தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது, போதாததற்கு இடது பக்கம் இழுக்கிறது. கையில் இருந்த அலைன்மென்ட் தாளில் எல்லாம் பச்சை. முன் இடது ரிம்மின் உள்ளே பசைத் தடம் மட்டும் இருந்தது, வெயிட்டைக் காணோம். புதிதாக 35 கிராம் ஒட்டியதும் உதறல் போயிற்று.

இழுப்பு போகவில்லை. நம் சாலைகள் இடது ஓரத்துக்குச் சரிவாக இருப்பதால் லேசாக இடப்பக்கம் ஒதுங்குவது இயல்புதான். இது அதைவிட அதிகம். காற்றழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டினார். இழுப்பு வலப்பக்கம் திரும்பியது. கோணத்தில் குறை இருந்திருந்தால் அது இடப்பக்கமே நின்றிருக்கும். குறை டயரின் உள்கட்டமைப்பில். அந்த டயர் பின்னால் போனது, வண்டி நேராக ஓடியது. டை ராட்டைத் தொடவே இல்லை.

அலைன்மென்ட் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். குழியில் பலமாக விழுந்த பிறகு நேர் சாலையில் ஸ்டியரிங் கோணலாக நின்றாலோ, டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே தடவும்போது ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் ரம்பம்போல் உறுத்தினாலோ, டோ சரியில்லை என்று அர்த்தம். ஒரு சக்கரம் 0.1 டிகிரி விலகியிருந்தாலே கிலோமீட்டருக்கு 1.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்கிறது. இதற்கு எத்தனை கிராம் ஒட்டினாலும் பயனில்லை.

சக்கரத்துக்கு நூல் கட்டி அலைன்மென்ட் பார்த்த காலத்தில், முதலில் வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பார்கள். டை ராட் எண்டிலோ பால் ஜாயின்ட்டிலோ ஆட்டம் இருந்தால், அதை மாற்றாமல் நூலை எடுக்க மாட்டார்கள். இன்று கேமரா நூறில் ஒரு டிகிரி வரை அளக்கிறது. ஆட்டம் கண்ட ஜாயின்ட்டின் மேலேயே அளக்கிறது. பச்சைத் தாளோடு வெளியே வரும் வண்டி அடுத்த வேகத்தடையிலேயே அந்த எண்களை இழந்துவிடுகிறது. ஜாக்கி அடித்துப் பார்க்கச் சொன்னால், அலைன்மென்ட் கட்டணத்தில் அது சேராது என்கிறார்கள்.