திரௌபதி வீட்டில் யார் இருக்கிறார்?

மாமல்லபுரத்தின் பெரிய புடைப்புச் சிற்பத்தின் முன் வழிகாட்டிகள் பேசுவதை எனக்குப் பிடிக்கும். ஒற்றைக்காலில் நிற்பவன் அர்ச்சுனனா பகீரதனா என்று கேட்டு, இரண்டு பக்க நியாயத்தையும் சொல்லி, முடிவை நம்மிடமே விடுவார்கள். தவசிப் பூனையைக் காட்டிச் சிரிக்கவும் வைப்பார்கள். தகவல், கதை, கேள்வி மூன்றும் அங்கே சண்டையின்றி இருக்கின்றன.

அதே ஆட்கள் ஐந்து ரதங்களுக்கு வந்ததும் மாறிவிடுகிறார்கள். கொட்டிவாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாணவிகளை அழைத்துப் போகும்போதெல்லாம் நான் கேட்பது இதுதான்: "இது திரௌபதி வீடு. அஞ்சு பேருக்கும் ஒரே மனைவி. பொம்பளைங்கிறதால சின்னதா, குடிசை மாதிரி." கூட்டம் சிரிக்கும், அடுத்த ரதத்துக்கு நகரும்.

பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தில் வழங்கியவை. 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் ஒற்றைப் பாறைகளில் குடைந்த, வேலை முடியாத கோயில்கள் இவை. திரௌபதி ரதம் கொற்றவைக்கு உரியது. அதைச் சொல்லப் புத்தகம் வேண்டாம், கண் போதும். வாசலின் இருபுறமும் காவல் நிற்பவர்கள் பெண்கள். வெளியே தனிக்கல்லில் அவளுடைய சிங்கம். உள்ளே பின்சுவரில் நான்கு கைகளோடு அவள் நிற்கிறாள். காலடியில் மண்டியிட்டவர்களில் ஒருவன் தன் தலையையே அறுத்துத் தரப்போகிறான். கலிங்கத்துப்பரணியின் காளி கோயிலைப் படித்த மாணவிக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஆண் தன் தலையைத் தரும் இடத்தைத்தான் ஐவரின் மனைவி வீடு என்று சொல்லிச் சிரிக்கிறோம்.

ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: "உள்ள இருக்கிறது திரௌபதியாண்ணா?"

"அது அம்மன், பாப்பா."

"அப்ப ஏன் திரௌபதி வீடு?"

"அப்படித்தான் சொல்லுவாங்க."

அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. கேட்டால் சொல்கிறார், கேட்காவிட்டால் இல்லை. நேரம் குறைவு, சிரிப்பு வந்தால்தான் கையில் கூடுதலாகக் காசு விழும். அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் பெரிய சிற்பத்தின் முன் இரண்டு கதைக்கு இருந்த நேரம் இங்கே எங்கே போயிற்று? அங்கே சந்தேகம் ஆண்களைப் பற்றியது, அதனால் அது ஆராய்ச்சியாகிவிடுகிறது.

திரௌபதி கதையை விட்டுவிடச் சொல்லவில்லை. வட தமிழகத்து ஊர்களில் அவளே அம்மன், அவளுக்காகத் தீ மிதிக்கிறார்கள். அந்தப் பெயர் இந்தக் கல்லுக்கு வந்ததைச் சொன்னால் அதுவே நல்ல கதை. வரிசையை மாற்றினால் போதும். முதலில் வாசலில் நிறுத்தி, காவலுக்கு நிற்பது யார் என்று கேட்கலாம். பிறகு சிங்கம், பிறகு உள்சுவர். பெயரைக் கடைசியில் சொல்லலாம். மூன்று நிமிடம்கூட ஆகாது. அர்ச்சுனன் ரதம் அதே மேடையில்தான், பக்கத்திலேயே இருக்கிறது.